பத்துப் பேர் ஆபீஸுக்கு எந்த சர்வர்?

ஈரோட்டில் பத்துப் பேர் வேலை பார்க்கும் ஓர் ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் டேலியில் இருக்கிறது. அத்தனை டேட்டாவும் சீனியர் உதவியாளரின் கணினியில் ஒரு ஷேர் ஃபோல்டராகக் கிடக்கிறது. அவர் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் மற்ற ஒன்பது பேரும் கை கட்டி உட்கார வேண்டியதுதான். தனியாக ஒரு சர்வர் வேண்டும் என்று முடிவாகி, மேசைக்கு இரண்டு கொட்டேஷன் வருகிறது. ஒன்று, ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரு சிறிய டவர் சர்வர். இன்னொன்று, மாதம் 15,000 ரூபாய் வாடகைக்கு மும்பையில் ஒரு கிளவுட் சர்வர்.

பெரும்பாலோர் உடனே கால்குலேட்டரை எடுப்பார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, நாம் பயன்படுத்தும் மென்பொருள் தன் டேட்டாவை எத்தனை முறை தொடுகிறது என்பதை. ஷேர் ஃபோல்டரில் வேலை செய்யும் கணக்கு மென்பொருள் ஒரு ரிப்போர்ட்டைத் திறக்க, ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும். ஒரு ரிப்போர்ட்டுக்கு 2,000 முறை படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸுக்குள் கேபிள் வழியாக ஒருமுறை போய்வர அரை மில்லி செகண்ட் போதும். மொத்தம் ஒரு செகண்டில் ரிப்போர்ட் வந்துவிடும். ஈரோட்டிலிருந்து மும்பை போய்வர 30 மில்லி செகண்ட் ஆனால், அதே ரிப்போர்ட்டுக்கு ஒரு முழு நிமிடம் ஆகும்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் காரியம், இன்டர்நெட் பிளானை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300க்கு ஏற்றுவது. அதனால் பயனில்லை. தாமதம் தூரத்தால் வருகிறது, லைனின் அகலத்தால் அல்ல. சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட் திறக்காமல் நிற்கும்போது `Task Manager`-இல் நெட்வொர்க் வரைபடத்தைப் பாருங்கள். லைன் ஏறக்குறைய சும்மா இருக்கும், ஆனால் திரை நகராது. லைனை அகலப்படுத்தித் தீராது என்பதற்கு அதுவே அடையாளம். வவுச்சர் சேமிக்கும் நேரத்தில் லைன் அறுந்தால் டேட்டா கெட்டுப்போகும் அபாயமும் உண்டு. அதனால் டேட்டா ஃபோல்டரை மட்டும் கிளவுடில் வைத்துவிட்டு டேலியை இங்கே ஓட்டும் யோசனையை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது.

கிளவுட் என்றால் டேலியும் அங்கேயே ஓட வேண்டும். ஊழியர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அந்தக் கணினிக்குள் போய் வேலை செய்வார்கள். லைனில் வருவது திரையின் படம் மட்டுமே, ஆகவே வேகம் நன்றாகவே இருக்கும். ஆனால் கொட்டேஷனில் பலமுறை விடுபடும் ஒரு செலவு இதில் இருக்கிறது. விண்டோஸ் சர்வர் லைசென்ஸோடு ஒரே நேரத்தில் இரண்டு பேர் மட்டும், அதுவும் நிர்வாக வேலைக்காக, ரிமோட்டில் நுழையலாம். பத்துப் பேர் அன்றாடம் வேலை செய்ய ஆளுக்கு ஒரு தனி லைசென்ஸ் வேண்டும். வருமான வரி, கம்பெனி விவகார போர்ட்டல்களில் கையெழுத்திடும் யூஎஸ்பி டோக்கனும் ஒரு சிக்கல். டோக்கன் செருகியிருப்பது ஈரோட்டு மேசையில், மென்பொருள் ஓடுவது மும்பையில். சில நேரம் ஒன்றுக்கு ஒன்று தெரியாது. அந்தக் கையெழுத்து வேலையை மட்டும் மேசைக் கணினியிலேயே வைத்துக்கொள்வதுதான் தொல்லையில்லாதது.

இப்போது கால்குலேட்டரை எடுக்கலாம். கிளவுட் வாடகை மணிக்கணக்கு. மாதத்துக்கு ஏறத்தாழ 730 மணி. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், மாதம் 26 நாள் மட்டும் ஓட்டினால் 312 மணிதான், வாடகை பாதிக்கும் கீழே இறங்கும். டிஸ்க் வாடகை மட்டும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். மைக்ரோசாஃப்ட் அசூரில் இதில் ஒரு பொறி உண்டு: விண்டோஸுக்குள்ளிருந்து ஷட் டவுன் செய்தால் கணினி அணையும், மீட்டர் அணையாது. போர்ட்டலில் போய் நிறுத்தி, நிலை `Stopped` என்று மட்டும் இல்லாமல் `Stopped (deallocated)` என்று காட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். இப்படி அணைத்து மிச்சம் பிடிப்பதை, பத்துப் பேரின் ரிமோட் லைசென்ஸ் பெரும்பாலும் விழுங்கிவிடும். 15,000 என்றே வைத்தால் மூன்று வருடத்துக்கு 5,40,000 ரூபாய்.

சொந்த சர்வருக்கு முதலில் ஒரு லட்சம், யூபிஎஸ்ஸுக்கு 15,000. 60 வாட் இழுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் மாதம் 43 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றால் 430. வந்து பார்க்கும் டெக்னீஷியனுக்கு மாதம் 1,500, பேக்கப் வாடகை 500 என்று போடலாம். மூன்று வருடத்தில் சுமார் இரண்டு லட்சம். ஃபோல்டரை ஷேர் செய்ய மட்டும் என்றால் விண்டோஸ் சர்வர்கூடத் தேவையில்லை. விண்டோஸ் 11 ப்ரோவில் ஒரே நேரத்தில் 20 கணினிகள் வரை இணையலாம். எல்லோரும் வைஃபையை விட்டு கேபிளுக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே இந்த ஆபீஸுக்குப் பெட்டி வாங்குங்கள் என்றே சொல்வேன். ஆனால் பேக்கப்பைக் கட்டாயம் வெளியே வாடகைக்கு வையுங்கள். “ரெண்டு டிஸ்க் போட்டு மிரர் பண்ணிருக்கோம் சார், ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு” என்பார் டெக்னீஷியன். அவர் சொல்வது டிஸ்க் பழுதானால் சரி. ஆனால் யாராவது ஒரு கம்பெனி டேட்டாவைத் தவறி அழித்தாலோ, ரான்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டினாலோ, அந்த நொடியே இரண்டு டிஸ்கிலும் அது நடந்துவிடும். அதனால் இரவில் எல்லோரும் டேலியை மூடிய பிறகு, பழைய பிரதிகளை அழிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியுள்ள கிளவுட் ஸ்டோரேஜுக்கு ஒரு பிரதி போக வேண்டும். கணக்கை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கம்பெனிகளின் பேக்கப் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. கணக்குத் திறக்கும்போது மும்பை, ஹைதராபாத், சென்னை என இந்திய மையம் எதையாவது தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு பேக்கப்பை வேறு கணினியில் இறக்கி, டிரையல் பேலன்ஸ் மொத்தம் பொருந்துகிறதா எனப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

வாங்கிய பெட்டிக்கு வரும் பெரிய ஆபத்து, வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்று யாராவது கேட்கும் நாளில் தொடங்குகிறது. ரவுட்டரில் `3389` போர்ட்டைத் திறந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். உலகம் முழுவதிலிருந்தும் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் நிரல்களுக்கும் அதே கதவு திறக்கும். `Event Viewer`-இல் `Security` பகுதியில் `4625` என்ற எண்ணைத் தேடுங்கள். அது தோற்றுப்போன நுழைவு முயற்சி. நள்ளிரவில் `ADMIN`, `TEST` போன்ற பெயர்களில் அது வரிசையாக நின்றால், அன்றே போர்ட்டை மூடிவிட்டு விபிஎன் போடச் சொல்லுங்கள். கிளவுட் சர்வருக்கும் இதே ஆபத்து உண்டு, இதே மருந்துதான்.

எல்லா ஆபீஸுக்கும் இந்த முடிவு பொருந்தாது. பத்துப் பேரில் ஐந்து பேர் தினமும் வாடிக்கையாளர் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தால், கோபியில் ஒரு கிளை இருந்தால், அல்லது மின்சாரம் அடிக்கடி மணிக்கணக்கில் போகும் கட்டடம் என்றால், கணக்கு கிளவுட் பக்கம் சாயும். அப்படிப்பட்ட ஆபீஸ் ஒரே மாத வாடகைக்கு சர்வரை எடுத்து, இரண்டு பேரை மட்டும் அதில் வேலை செய்யச் சொல்லலாம். ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் செய்யும் 20ஆம் தேதிக்கு முந்தைய வாரத்தை அந்த மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் டிஸ்க், லைசென்ஸ், வெளியே இறக்கிய டேட்டா ஆகிய மூன்று வரிகளையும் தனித்தனியாகப் படித்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்.