விடை சரி, மதிப்பகம் தவறு

வீட்டுப்பாட நோட்டின் ஒரு பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து, "சரியா என்று பாருங்கள்" என்று ஒரு மாணவி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இரண்டு சார்புகள்: f(x) = x², g(x) = √(x−3). இவற்றின் சேர்க்கை f∘g, g-இன் நேர்மாறு இரண்டையும் காண வேண்டும்.

முதலில் படத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். வர்க்கமூலக் கோடு 3-க்கு மேலும் நீள்கிறதா, x-ஓடு நின்றுவிட்டதா? நின்றுவிட்டால் அது √x − 3 என்ற வேறு சார்பு. அடுத்து, f-க்கும் g-க்கும் நடுவே இருப்பது சேர்க்கையைக் குறிக்கும் சிறு வட்டமா, பெருக்கல் புள்ளியா? மங்கலான படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். x = 7 என்று போட்டால் வேறுபாடு விளங்கும். g(7) = 2, அதை f-இல் இட்டால் 4. பெருக்கினாலோ 49 × 2 = 98. மாணவி என்ன செய்திருக்கிறாள் என்பது இந்த ஓர் எண்ணிலேயே தெரிந்துவிடும்.

அவள் எழுதிய விடை f(g(x)) = x − 3. வர்க்கமூலத்தை வர்க்கப்படுத்தினால் அதுதான் வரும், சரியே. ஆனால் கீழே "மதிப்பகம்: எல்லா மெய்யெண்களும்" என்று எழுதியிருக்கிறாள். பிழை அங்கேதான். மதிப்பகம் என்பது x-க்குப் பதிலாக இடத்தக்க எண்களின் தொகுப்பு. x = 1 என்று இட்டுப் பார்ப்போம். x − 3 என்ற கோவை −2 என்று விடை தந்துவிடுகிறது. ஆனால் f-க்குப் போகும் முன் g-ஐக் கடக்க வேண்டும். g(1) என்பது √(−2), அது மெய்யெண் அல்ல. முதல் படியிலேயே நின்றுவிட்ட எண்ணுக்கு இரண்டாம் படி கிடையாது. எனவே சரியான விடை x − 3, x ≥ 3. சுருக்கியபின் வர்க்கமூலம் மறைந்துவிடுகிறது, அது விதித்த கட்டுப்பாடு மறைவதில்லை.

நேர்மாறிலும் இதே கதைதான். y = √(x−3) என்று எழுதி x-ஐத் தனியே பிரித்தால் x = y² + 3. ஆகவே g⁻¹(x) = x² + 3. இதை இப்படியே விட்டால் போதாது. −2-ஐ இதில் இட்டால் 7 வரும். 7-ஐ மீண்டும் g-இல் இட்டால் 2 வருகிறது, −2 திரும்பி வரவில்லை. காரணம், g ஒருபோதும் குறை எண்ணை விடையாகத் தருவதில்லை. அதன் வீச்சகம் 0-உம் அதற்கு மேற்பட்ட எண்களும் மட்டுமே. g-இன் வீச்சகமே நேர்மாறின் மதிப்பகம். எனவே g⁻¹(x) = x² + 3, x ≥ 0 என்றால்தான் விடை முழுமை பெறும்.

வீட்டில் பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்: சுருக்குவதற்கு முன்பே மதிப்பகத்தை எழுதச் சொல்லுங்கள். நேர்மாறு கண்டதும், அனுமதிக்கப்பட்ட ஓர் எண்ணை இரு சார்புகளிலும் இட்டு, அதே எண் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.