இருபத்தேழு மூட்டை எங்கே?

இடையஞ்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வந்துவிடும். கோடையில் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்தும் சிலர் அங்கே மூட்டை ஏற்றப் போவார்கள். கூலி மூட்டைக் கணக்கில்தான். ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கணக்கு நோட்டோடு என்னிடம் வந்தாள். அவளுடைய அப்பா ஓர் ஏற்றுக் குழுவின் கணக்கை எழுதுபவர். குழு பன்னிரண்டு நாளில் ஏற்றிய மூட்டைகள் அந்த நோட்டில் இருந்தன.

"டீச்சர், எங்க நோட்டுல 1855 வருது. அங்க 1828னு சொல்றாங்க. நாலு தடவ கூட்டிப் பாத்துட்டோம்" என்றாள்.

ஒவ்வொரு நாளும் லாரி கிளம்பும்போது எழுதும் துண்டுச்சீட்டுகள் உப்பளத்துக் கொட்டகையில் இருக்கின்றன. ஆனால் பன்னிரண்டு நாள் சீட்டுகளையும் எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்க அவள் அப்பாவுக்குத் தயக்கம். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள். அடுத்த முறை வேலைக்குக் கூப்பிடாமல் போகலாம். கேட்காமல் விட்டால் 27 மூட்டையின் கூலி போய்விடும். எந்த நாள் கணக்கில் தவறு என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த நாள் சீட்டை மட்டும் கேட்கலாம். அதைக் கண்டுபிடிக்க 27 என்ற அந்த வித்தியாசமே வழி சொல்லும்.

நோட்டில் இருந்த எண்கள் இவை:

முதல் நாள் 148
இரண்டாம் நாள் 162
மூன்றாம் நாள் 185
நான்காம் நாள் 172
ஐந்தாம் நாள் 96
ஆறாம் நாள் 153
ஏழாம் நாள் 141
எட்டாம் நாள் 207
ஒன்பதாம் நாள் 175
பத்தாம் நாள் 131
பதினோராம் நாள் 119
பன்னிரண்டாம் நாள் 166

முதலில் நாங்கள் கீழிருந்து மேலாகக் கூட்டினோம். மேலிருந்து கீழாக நாலு முறை கூட்டியவர் ஐந்தாம் முறையும் அதே இடத்தில் அதே தவற்றைச் செய்யக்கூடும். திசையை மாற்றினால் மனம் பழைய தடத்தில் ஓடாது. மீதி கொண்டுபோவதில் தவறு நேர்ந்திருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் 10, 100 என்று வரும். இங்கே 1855 மாறவில்லை. வித்தியாசமும் 27. ஆகவே நம் பக்கத்தில் கூட்டல் பிழை இல்லை.

அடுத்து, வித்தியாசத்தையே ஒரு பதிவாகத் தேடினோம். ஓர் எண்ணை எழுத விட்டுப்போனால் கூட்டுத்தொகை அந்த எண்ணின் அளவுக்குக் குறையும். இருமுறை எழுதினால் அதே அளவுக்குக் கூடும். பட்டியலில் 27 என்று எதுவும் இல்லை. ஆகவே ஒரு நாள் விட்டுப்போன கதையும் இல்லை.

மூன்றாவது, வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்ப்பது. வரவு, செலவு இரண்டும் உள்ள ஏட்டில் இது கைகொடுக்கும். சத்துணவு அரிசி இருப்பேட்டில் 23 கிலோ செலவைத் தவறுதலாக வரவுப் பக்கம் எழுதிவிட்டால் இருப்பு 46 கிலோ கூடுதலாகக் காட்டும். கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் விட்டது 23. கூட்டக்கூடாததைக் கூட்டியது 23. ஆகவே இருப்பு 46 கிலோ இடித்தால் 23 என்ற பதிவைத் தேட வேண்டும். நம் மூட்டைக் கணக்கில் ஒரே பத்திதான் இருக்கிறது. அதோடு 27 ஒற்றைப்படை எண். முழு எண்களில் அதற்குப் பாதி கிடையாது. இதுவும் இல்லை.

நான்காவது, வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்ப்பது. 27 வகுபடுகிறது. இங்கேதான் அந்தப் பெண்ணின் முகம் நிமிர்ந்தது.

எழுதும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறிப்போவது பழகிய கைக்கும் நேரும் தவறு. 58 என்று நினைத்து 85 என்று எழுதுவோம். பத்தாம் இடத்தில் a, ஒன்றாம் இடத்தில் b இருந்தால் அந்த எண் 10a + b. இடம் மாற்றினால் 10b + a. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 9a − 9b, அதாவது 9 × (a − b). ஆகவே இடமாற்றப் பிழையால் வரும் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்கு. அதற்கு மேலும் ஒரு செய்தி இதில் உண்டு. வித்தியாசத்தை 9ஆல் வகுத்தால் வரும் ஈவு, இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. 27 ÷ 9 = 3. ஆகவே பத்தாம் இலக்கத்துக்கும் ஒன்றாம் இலக்கத்துக்கும் 3 வேறுபாடு உள்ள பதிவு எது என்று தேட வேண்டும்.

திசையும் தெரியும். நம் நோட்டின் தொகைதான் பெரியது. ஆகவே சந்தேகத்துக்குரிய பதிவு நம் நோட்டில் பெரிய எண்ணாக இருக்க வேண்டும். அதாவது பத்தாம் இலக்கம் ஒன்றாம் இலக்கத்தைவிட 3 அதிகம். 148இல் 4, 8, இல்லை. 162இல் 6, 2. வேறுபாடு 4, இல்லை. 185இல் 8, 5, ஆம். இப்படியே போனால் 96இல் 9, 6. 141இல் 4, 1. மற்றவை எல்லாம் கழிந்துவிடுகின்றன. 119இலும் 166இலும் பார்வையை ஓட்டினாலே போதும். பன்னிரண்டு நாள் மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது: மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள்.

மாணவி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "தப்பு நம்ம நோட்டுல இருக்கா, அவங்க ஏட்டுல இருக்கா டீச்சர்?" அதை 27 சொல்லாது. நம் நோட்டில் 158ஐ 185 என்று எழுதியிருந்தாலும் நம் தொகை 27 கூடும். அவர்கள் ஏட்டில் 185ஐ 158 என்று எழுதியிருந்தாலும் அவர்கள் தொகை 27 குறையும். இரண்டிலும் சந்தேகம் விழுவது அதே நாள்மீதுதான். யார் தவறு என்பதைச் சீட்டுதான் சொல்ல வேண்டும். இதை அவளிடம் அழுத்திச் சொன்னேன். ஏனென்றால், "உங்கள் கணக்கு தப்பு" என்று போய் நிற்பதற்கும், "இந்த மூன்று நாள் சீட்டை மட்டும் சேர்ந்து பார்க்கலாமா" என்று கேட்பதற்கும் நிறைய தூரம்.

அப்படியே கேட்டார்கள். ஏழாம் நாள் சீட்டில் 141, ஏட்டில் 114. கணக்கெழுதுபவர் அங்கேயே திருத்திக் கொடுத்தார் என்று மறுநாள் சொன்னாள்.

வித்தியாசம் 27 என்றால் இப்படி. 270 என்று வந்திருந்தால்? 270 = 90 × 3. நூறாம் இலக்கமும் பத்தாம் இலக்கமும் மாறியிருக்கும். வேறுபாடு அதே 3. நூறாம் இலக்கமும் ஒன்றாம் இலக்கமும் மாறினால் வித்தியாசம் 99இன் மடங்கு. 297 என்றால் 99 × 3. 9இன் மடங்கு வரும் இன்னொரு தவறும் உண்டு. 450 என்பதை 45 என்று எழுதி ஒரு சுழியை விட்டுவிட்டால் வித்தியாசம் 405. அதை 9ஆல் வகுத்தால் 45, அதாவது தவறாக எழுதிய எண்ணே கிடைத்துவிடும். ஆகவே ஈவு கிடைத்ததும் அந்த எண்ணோ அதன் பத்து மடங்கோ பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் பட்டியலில் 3உம் இல்லை, 30உம் இல்லை.

இந்த முறையின் எல்லையையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். 9ஆல் வகுபடுவது ஒரு தடயம் மட்டுமே. எந்தக் காரணத்தால் வந்த வித்தியாசமானாலும், ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று தற்செயலாகவே 9ஆல் வகுபடும். எட்டாம் நாளின் 207 விட்டுப்போயிருந்தால் வித்தியாசம் 207. அதுவும் 9இன் மடங்குதான். அதனால்தான் விட்டுப்போன பதிவை முதலில் தேடி, 9ஐப் பிறகு பார்த்தோம்.

தவறு ஒன்றுக்கு மேல் இருந்தால் இந்த வழி நம்மைத் திசை திருப்பும். ஓரிடத்தில் 27, இன்னோரிடத்தில் 18 என இரண்டு இடமாற்றங்கள் நேர்ந்தால் மொத்த வித்தியாசம் 45. அதுவும் 9ஆல் வகுபடும். ஈவு 5. நாம் 5 வேறுபாடுள்ள பதிவுகளைத் தேடிப் போவோம். அங்கே எல்லாம் சரியாகவே இருக்கும். சந்தேகப்பட்ட பதிவுகள் அத்தனையும் சீட்டோடு ஒத்துப்போனால், ஒரே தவறு என்ற எண்ணத்தைக் கைவிட்டு முழுப் பட்டியலையும் ஒப்பிடுவதுதான் வழி. ஒன்று 27 கூடி மற்றொன்று 27 குறைந்தால் வித்தியாசமே தெரியாது. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் ஈடுசெய் பிழை என்று படிப்பது இதைத்தான்.

9ஆல் வகுபடாவிட்டால் ஓர் இலக்கத்தை வேறொன்றாக வாசித்திருக்கலாம். வித்தியாசம் 6 அல்லது 60 என்றால் 1, 7 குழப்பமா என்று பார்க்கலாம். 5 அல்லது 50 என்றால் 3, 8. கையெழுத்தைத் தெரிந்தவருக்கு இது எளிது.

ஒன்பது தள்ளிச் சரிபார்க்கும் பழைய முறையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். இலக்கங்களைக் கூட்டி 9ஐத் தள்ளினால் 141க்கும் 6, 114க்கும் 6. இடமாற்றத்தை அந்தச் சோதனை பார்க்கவே பார்க்காது. வித்தியாசம் 9இன் மடங்காக இருப்பதே அதற்குக் காரணம். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிக்கவே சேர்க்கப்பட்டது. டச்சுக் கணிதவியலர் வெர்ஹோப் 1969இல் வெளியிட்ட முறையில் அது கணக்கிடப்படுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் அந்த முறை தவறாமல் காட்டிக்கொடுக்கும்.

வகுப்பில் இதை நான் இப்போது இரண்டு நிலைகளில் நடத்துகிறேன். ஐந்தாம் வகுப்பில் ஈரிலக்க எண் ஒன்றை எழுதித் திருப்பிப்போட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கச் சொல்வேன். விடைகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினால் ஒன்பதாம் வாய்பாடு தானாக வந்து நிற்கும். எட்டாம் வகுப்பில் 10a + b கொண்டு காரணத்தை எழுதுவோம். பிறகு பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் பத்து எண்கள் உள்ள பட்டியலில் ஓர் எண்ணை மட்டும் இடம் மாற்றி எழுதி, சரியான தொகையைத் தனியே சொல்வார். மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். 66, 119 போல ஒரே இலக்கம் அடுத்தடுத்து வரும் எண்ணில் அந்த இரண்டையும் மாற்றினால் எண் மாறாது என்பதை அவர்களே விளையாட்டில் கண்டுகொள்கிறார்கள்.