45 நொடியில் ஈரோட்டு மஞ்சள்

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மஞ்சளைத் தன் பிராண்டில் விற்கும் சிறு நிறுவனம் ஒன்று, ஜெர்மனியில் உள்ள மொத்த வியாபாரிக்கு 45 நொடி வீடியோ அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அவர் அதை வேலைக்கு நடுவே, போனில், சத்தம் இல்லாமல்தான் பார்ப்பார். அப்போது பேச வேண்டியது சப்டைட்டில்தான்.

“மூணு தலைமுறையா இதே தொழில்தாங்க, இந்த நிறம் வேற எங்கயும் வராது” என்று முதலாளி பேசுவது கேட்க நன்றாக இருக்கும். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால், வாங்குபவர் தேடுவது அதில் இருக்காது. விரலியா கிழங்கா, பாலிஷ் போட்டதா, குர்குமின் எத்தனை சதவீதம், ஆய்வக அறிக்கை உண்டா என்பதுதான் அவர் கேள்வி. பேச்சு தமிழிலேயே ஓடட்டும். எழுத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.

இடம் குறைவு. படத்தையும் பார்த்துக்கொண்டு நிதானமாகப் படிக்க, ஆங்கிலத்தில் நொடிக்குச் சுமார் 15 எழுத்துகள்தான் சரிப்படும், இடைவெளியும் சேர்த்து. வரிக்கு 42 எழுத்துக்கு மேல் போகாமல், இரண்டு வரிக்குள் நிறுத்துவது சப்டைட்டில் போடுபவர்களின் வழக்கம். எஸ்.ஆர்.டி கோப்பில் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

```
2
00:00:08,000 --> 00:00:12,000
Erode turmeric fingers, polished
Minimum 3% curcumin
```

நான்கு நொடிக்கு 51 எழுத்துகள், அதாவது நொடிக்குச் சுமார் 13. அவசரமில்லாமல் படித்துவிடலாம். ஆய்வக அறிக்கையில் 3.5 என்று இருந்தாலும் ‘குறைந்தது 3’ என்று போடுவதே நல்லது. குர்குமின் லாட்டுக்கு லாட் மாறும். அடுத்த சரக்கில் 3.2 வந்தால் வீடியோவே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

மஞ்சள் குவியலின் மேல் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வேண்டும். நெட்டுவாக்கு வீடியோவில் அடிப்பகுதியைச் செயலியின் பொத்தான்கள் மறைத்துவிடும் என்பதால், எழுத்தைச் சற்று மேலே ஏற்ற வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோவோடு தனி சப்டைட்டில் கோப்பு ஒட்டிக்கொண்டு போகாது. எனவே எழுத்தைப் படத்திலேயே பதித்து அனுப்புங்கள். யூடியூபில் ஏற்றும்போது மட்டும் பதிக்காத வீடியோவையும் தனிக் கோப்பையும் கொடுங்கள். ஜெர்மன் கோப்பை UTF-8 முறையில் சேமிக்காவிட்டால், புள்ளி வைத்த உயிரெழுத்துகள் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ வந்து நிற்கும். ஏற்றியதும் அந்த இடங்களைத் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

“மூட்டு வலியைப் போக்கும்” என்ற வரியை மட்டும் எந்த மொழியிலும் போடாதீர்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதை நம்பி வாங்கினால் சிக்கல் இறக்குமதியாளருக்கும் சேர்த்துத்தான். அது தெரிந்தவர் விலகிக்கொள்வார். அந்த நொடிகளை நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதிப் பதிவு எண்ணுக்கும் மின்னஞ்சல் முகவரிக்கும் கொடுங்கள். அவர் வீடியோவை நிறுத்தி எழுதிக்கொள்வது அவற்றைத்தான்.