ஏழாம் மாதமும் ஒரு ஊசியும்: நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்கள் பற்றி

கர்ப்பிணிப் பெண்ணுக்கு முதல் முறை ரத்தம் எடுத்துப் பார்க்கும்போது அட்டையில் "ஓ நெகட்டிவ்" அல்லது "பி நெகட்டிவ்" என்று எழுதிவிட்டால், வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒன்று, "ரெண்டு பேர் ரத்தமும் சேரல, அப்பவே பொருத்தம் பாத்திருக்கணும்." இன்னொன்று, "முதல் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டாவதுக்குப் பாத்துக்கலாம்." முதல் பேச்சு தவறு. இரண்டாவது பேச்சு பாதி உண்மை, அதனாலேயே அதிக ஆபத்தானது. இரண்டாவது குழந்தைக்கு என்ன நடக்கும் என்பது பெரும்பாலும் முதல் கர்ப்பத்திலேயே முடிவாகிவிடுகிறது.

நெகட்டிவ் என்றால் என்ன? ரத்தச் சிவப்பணுவின் மேற்பரப்பில் 'டி' என்று ஒரு புரதம் இருக்கும். அது இருந்தால் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ். இது நோயும் இல்லை, குறையும் இல்லை. ஐரோப்பியர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் நெகட்டிவ். நம் ஊரில் நூற்றுக்குச் சுமார் 5 பேர்தான். அதனால்தான் இங்கே இது அரிதாகத் தெரிகிறது.

தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு உண்டு. கர்ப்ப காலம் முழுக்க இரண்டு பேர் ரத்தமும் தனித்தனியாகத்தான் ஓடுகிறது. ஆனால் பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியும்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கசிந்துவிடும். பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கும் குறைவுதான். அதுவே போதும். தாயின் உடல் தனக்குப் பழக்கமில்லாத டி புரதத்தைப் பார்த்து, அதை எதிர்க்கும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்ள வாரங்கள், மாதங்கள் ஆகும். அதற்குள் முதல் குழந்தை பிறந்து வெளியே வந்துவிடும். அதனால்தான் முதல் பிள்ளை தப்பிக்கிறது.

ஆனால் கற்றதை உடல் மறப்பதில்லை. அடுத்த முறை பாசிட்டிவ் கரு உருவானால், அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். விளைவு கருவில் ரத்தசோகை, உடல் வீக்கம், பிறந்த பின் கடுமையான மஞ்சள் காமாலை, சில சமயம் வயிற்றிலேயே இறப்பு. 1939-இல் நியூயார்க்கில் லெவின், ஸ்டெட்சன் என்ற இருவர் எழுதிய குறிப்பு ஒரு பெண்ணைப் பற்றியது. அவருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. பிறகு கணவரின் ரத்தத்தையே ஏற்றினார்கள். இருவரும் ஓ வகைதான், ஆனாலும் உடல் அதைக் கடுமையாக எதிர்த்தது. தகப்பனிடமிருந்து குழந்தைக்கு வந்த ஏதோ ஒன்றைத் தாயின் உடல் எதிர்க்கக் கற்றிருக்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். அந்த "ஏதோ ஒன்று" தான் பிறகு ஆர்எச் என்று பெயர் பெற்றது.

இதற்கான மருந்தின் யோசனை எளிமையானது. தாயின் உடல் கற்றுக்கொள்வதற்கு முன்பே, வெளியிலிருந்து தயாரான எதிர்ப்பொருளைக் கொஞ்சம் ஊசியில் கொடுத்துவிடுவது. கசிந்து வந்த அணுக்களை அது பிடித்து அப்புறப்படுத்திவிடும். தாயின் உடலுக்குப் பாடம் படிக்க எதுவும் மிஞ்சாது. இதுதான் ஆன்டி-டி ஊசி, 1968-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் இந்த எதிர்ப்பொருள் தன் ரத்தத்தில் நிறைய இருந்ததால் 1173 முறை தானம் செய்தார். 2025-இல்தான் காலமானார்.

ஊசி எதுவும் போடாவிட்டால், தாய்க்கும் குழந்தைக்கும் ஏ, பி, ஓ வகை ஒத்துப்போகும் கர்ப்பங்களில் நூற்றுக்குச் சுமார் 16 தாய்மார்களின் உடல் கற்றுக்கொண்டுவிடும். பிரசவத்துக்குப் பிறகு ஊசி போட்டால் அது நூற்றுக்கு இரண்டுக்குள் வந்துவிடும். கூடவே 28-ஆவது வாரத்திலும் ஒரு ஊசி போட்டால் ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கும். கடைசி மூன்று மாதங்களில் பிரசவத்துக்கு முன்பே சிலருக்குக் கசிவு நடந்துவிடுகிறது. அதைப் பிடிக்கத்தான் இந்த 28-ஆவது வார ஊசி.

இங்கேதான் நம் வழக்கம் குறுக்கே வருகிறது. 28 வாரம் என்பது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் நேரமும் அதுவேதான். தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் தருவைகுளத்தில் வாழ்க்கைப்பட்டவள், தாய்வீடு மணப்பாடு என்று வைத்துக்கொள்வோம். கடைசி மாதவிடாய் ஜனவரி 10. அப்படியானால் 28 வாரம் முடிவது ஜூலை 25. பிரசவ நாள் அக்டோபர் 17. ஜூலை முதல் வாரத்தில் அழைப்பு முடிந்து மணப்பாடு போய்விடுகிறாள். ரத்த வகை பார்த்ததும் பதிவு செய்ததும் தருவைகுளம் பக்கத்து சுகாதார நிலையத்தில். ஊசி போட வேண்டிய நாளில் அவள் இருப்பது மாவட்டத்தின் தெற்கு முனையில், வேறொரு செவிலியரிடம். அங்கே இருப்பவர்களுக்கு இவள் புதுமுகம். முதல் மருத்துவர் "ஏழாம் மாசம் வாங்க" என்று சொல்லியிருப்பார். இரண்டாவது மருத்துவர் "அங்கேயே போட்டிருப்பாங்க" என்று நினைப்பார். யாருமே தப்புச் செய்யவில்லை, ஆனால் ஊசி விட்டுப்போச்சு!

அதனால் முதல் பரிசோதனையிலேயே அந்த ஜூலை 25-ஐ அட்டையின் முன்பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தாய்வீட்டுக்குப் போகும்போது நகைப்பெட்டியோடு அட்டையும் போகணும்.

நெகட்டிவ் என்று தெரிந்ததும் நடக்க வேண்டியது என்ன? முதலில் குழந்தையின் தகப்பனுக்கு ரத்த வகை பார்ப்பது. அவரும் நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவ்தான், ஊசியே தேவையில்லை. பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்கள் இதைக் கரைக்கு வந்த நாளில் முடித்துக்கொள்ள வேண்டும். "எப்பவோ பாசிட்டிவ்னு சொன்னாங்க" என்ற நினைவை நம்பக் கூடாது, காகிதம் வேண்டும். தெரியாவிட்டால் பாசிட்டிவ் என்று வைத்துக்கொண்டுதான் சிகிச்சை.

அடுத்து தாயின் ரத்தத்தில் "மறைமுகக் கூம்ஸ்" பரிசோதனை. உடல் ஏற்கெனவே எதிர்ப்பொருள் தயாரிக்கக் கற்றுவிட்டதா என்று இது சொல்லும். தொடக்கத்தில் ஒரு முறை, 28-ஆவது வாரத்தில் ஊசிக்கு முன்பு ஒரு முறை. இந்த வரிசை முக்கியம். ஊசி போட்ட பிறகு ரத்தம் எடுத்தால், ஊசியில் வந்த எதிர்ப்பொருளே பரிசோதனையில் தெரிந்து "பாசிட்டிவ்" என்று காட்டலாம், வீடே பதறிப்போகும். பிறகு வேறு மருத்துவமனைக்குப் போனால் ஊசி போட்ட தேதியைச் சொல்ல வேண்டியதும் அதனால்தான்.

வழக்கமான அளவு 300 மைக்ரோகிராம், தசையில் போடுவது. மருந்துப் பெட்டியில் 1500 யூனிட் என்று போட்டிருந்தாலும் அதே அளவுதான். இது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. கடையில் வாங்கி வெயிலில் பேருந்தில் பைக்குள் வைத்துக் கொண்டுபோகும் சரக்கு இல்லை.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்து வகை பார்ப்பார்கள். குழந்தை நெகட்டிவ் என்றால் அத்தோடு முடிந்தது. பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு இன்னொரு ஊசி. ஏழாம் மாதத்தில் போட்டாச்சே என்று இதை விடக் கூடாது. நேரம் தாண்டிவிட்டாலும் "இனி எதுக்கு" என்று விடக் கூடாது. பலன் குறையலாம், ஆனால் தாமதமாகப் போடுவது போடாமல் விடுவதைவிட மேல். 300 மைக்ரோகிராம் என்பது குழந்தையின் ரத்தம் 30 மில்லி வரை கசிந்திருந்தால் தாங்கும். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தது, வயிற்றில் பலமாக அடிபட்டது போன்ற நிலைகளில் கசிவு அதற்கு மேலும் இருக்கலாம். எவ்வளவு கசிந்தது என்று அளக்கத் தனிப் பரிசோதனை உண்டு, அதைப் பார்த்து அளவைக் கூட்டுவார்கள்.

பிரசவம் மட்டுமே கணக்கு இல்லை. கருச்சிதைவு, குழாயில் தங்கிய கரு, நடுவில் ரத்தப்போக்கு, படியில் விழுந்தது எல்லாமே கசிவுக்கு வாய்ப்புள்ளவை. 12 வாரத்துக்கு முன் கலைந்தால் ஊசி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் பல மருத்துவர்கள் அப்போதும் சிறிய அளவு போடுகிறார்கள். 12 வாரத்துக்கு மேல் என்றால் விவாதமே இல்லை, போட வேண்டும். யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைத்தவர்களுக்கு ரத்த வகையே பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் "முதல் பிள்ளை" என்று எழுதுவதற்கு முன் மருத்துவர் தனியாகக் கேட்கும்போது அந்தப் பெண் உண்மையைச் சொல்ல முடிய வேண்டும். மாமியாரும் அம்மாவும் அந்த நேரம் வெளியே நிற்பது நல்லது.

சரி, சொந்தத்தில் கட்டியதால்தான் இந்தப் பிரச்சினையா? கணக்குப் போட்டால் நேர்மாறாக வருகிறது. நூற்றுக்கு 5 பேர் நெகட்டிவ் என்ற ஊரில், நெகட்டிவ் பெண்ணுக்கு அமையும் வெளிக்கணவர் நெகட்டிவாக இருக்க வாய்ப்பு 5 சதவீதம். அத்தை மகன், மாமன் மகன் என்றால் சுமார் 9. தாய்மாமன் என்றால் சுமார் 14. அதாவது சொந்தத்தில் இந்த ஒரு சிக்கலுக்கான வாய்ப்பு கொஞ்சம் குறைகிறது. வேறு மரபு நோய்களுக்கு அது கூடுகிறது என்பதால், இதைச் சொந்தத் திருமணத்துக்குச் சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்த வகை பார்த்துக் கல்யாணம் பேசத் தேவையில்லை என்பதுதான் விஷயம். ஊசி இருக்கும்போது பொருத்தம் எதற்கு?

கூம்ஸ் பரிசோதனை உண்மையிலேயே பாசிட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசியால் பயன் இல்லை. கற்றதை மறக்கடிக்க அதனால் முடியாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. எதிர்ப்பொருளின் அளவைத் தொடர்ந்து பார்ப்பார்கள். 1:16 அல்லது 1:32 என்ற அளவைத் தொட்டால், ஸ்கேனில் குழந்தையின் மூளைக்குப் போகும் ஒரு ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை அளப்பார்கள். ரத்தசோகை இருந்தால் ரத்தம் நீர்த்து வேகமாக ஓடும். அந்த வாரத்துக்கு வழக்கமான வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால், பெரிய நகரங்களில் உள்ள கரு மருத்துவ மையங்களில் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கே ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்ற முடியும். இப்படிப் பிழைத்துப் பிறந்த குழந்தைகள் நிறைய உண்டு. ஆனால் அதற்கு ஊர் விட்டு ஊர் போய், வாரக்கணக்கில் அலைய வேண்டும். ஒருமுறை ரத்தம் ஏற்றினால் போதாது, திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் தவிர்ப்பது ஏழாம் மாதம் ஒன்று, பிறந்த மூன்று நாளுக்குள் ஒன்று என இரண்டு ஊசி. உங்கள் வீட்டில் நெகட்டிவ் பெண் யாராவது உண்டாகியிருந்தால், கடைசி மாதவிடாய்த் தேதியோடு 196 நாள் கூட்டிப் பாருங்கள். அந்தத் தேதியில் அவள் எந்த ஊரில் இருப்பாள், ஊசி யார் போடுவார் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.