குறை ஒன்றும் இல்லை, ஆனாலும் மாறிவிட்டார்

திருச்சி தென்னூரில் எந்த மளிகைக் கடையைப் பார்த்தாலும் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். வாங்க வருபவரிடம், "போன தடவை வாங்கினது எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேளுங்கள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். சொல்லிக்கொண்டே பக்கத்துச் சரத்தில் கை வைப்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. திருப்தி என்பது பொருளுக்குள் இருக்கும் குணமல்ல. எதிர்பார்த்து வந்ததற்கும், கிடைத்ததாக மனதுக்குப் படுவதற்கும் உள்ள இடைவெளியே திருப்தியாகவோ ஏமாற்றமாகவோ மாறுகிறது. ரிச்சர்ட் கார்டோஸோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965-இல் இதைப் பேனாக்களை வைத்துச் சோதித்தார். மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு விலை உயர்ந்த பேனாக்களின் பட்டியலையும், இன்னொரு பிரிவினருக்கு மலிவான பேனாக்களின் பட்டியலையும் காட்டிவிட்டு, எல்லோருக்கும் ஒரே மலிவுப் பேனாவைக் கொடுத்தார். உயர்ந்த பட்டியலைப் பார்த்தவர்கள் அதே பேனாவைக் குறைத்து மதிப்பிட்டார்கள். 1980-இல் ரிச்சர்ட் ஆலிவர் இந்த எண்ணத்தை ஒரு முழுக் கோட்பாடாக்கினார்.

ஆனால் திருப்தியை மட்டும் வைத்து, அடுத்த முறை என்ன வாங்குவார் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு நம் கடலூரிலேயே ஓர் அருமையான சான்று இருக்கிறது. சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 15,000 ரூபாயோடு 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பாக்கெட்டில் ஷாம்பு விற்பதைப் பரவலாக்கியவர்களில் முன்னோடி அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன். சிக் வந்தபோது வெல்வெட் முதலிய ஷாம்புகளின் பாக்கெட்டுகள் கடைகளில் ஏற்கெனவே இருந்தன. வாங்கியவர்களுக்கு அவற்றின் மீது பெரிய புகார் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

ரங்கநாதன் ஒரு திட்டம் போட்டார். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். வேறு ஷாம்பு பழகிய பெண் நுரையும் வாசனையும் எதிர்பார்த்தார், இரண்டும் கிடைத்தன. இடைவெளி பூஜ்யம், ஆகவே திருப்தி. சிக்கோ சும்மா வந்தது. சும்மா வருவதிடம் யார் பெரிதாக எதிர்பார்ப்பார்கள்? பழைய ஷாம்பு அளவுக்கே அது நுரைத்திருந்தாலும், எதிர்பார்த்ததைவிட மேல் என்றுதான் மனதுக்குப் பட்டிருக்கும். தவிர, காசு எதையும் பணயம் வைக்காத வாங்கல் அது. பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் பழையதுக்கே திரும்பிவிடலாம்.

பிறகு திட்டம் மாறியது. ஐந்து காலி பாக்கெட்டுகளும் சிக்காகவே இருக்க வேண்டும். நுழையக் கதவைத் திறந்து வைத்தவர், வெளியேறுவதற்கு ஒரு சின்ன நஷ்டத்தை வைத்துவிட்டார். நாலு காலி பாக்கெட்டைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு, ஐந்தாவதாக வேறொன்றை வாங்க மனசு வருமா? மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியது என்று ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன. வாசனை உண்மையான மேம்பாடு, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்பே மக்கள் மாறிவிட்டார்கள் என்பதுதான் என் கண்ணில் படுகிறது.

திருப்தி, பயன்படுத்தி முடித்த பொருளைப் பற்றிய தீர்ப்பு. வாங்குவதோ, அந்த நேரத்தில் கண் முன்னால் இருக்கும் எல்லாவற்றுக்கும் இடையே நடக்கும் போட்டி. கையில் உள்ளது 'பரவாயில்லை' என்ற மட்டத்தில் இருக்க, பக்கத்தில் உள்ளது இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றினாலே போதும். மாறுவதற்கு ஆகும் செலவும் இதில் சேரும். நம்பரை விட்டுவிட வேண்டுமே என்று எரிச்சலோடு பழைய சிம்மிலேயே இருந்தவர்கள் பலர். 2011 ஜனவரி 20-இல் அதே நம்பரோடு மாறும் வசதி நாடெங்கும் வந்த பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது.

கார் வாங்குபவர்களில் 85 முதல் 95 சதவீதம் பேர் திருப்தி என்றே சொல்கிறார்கள், மறுபடி அதே கம்பெனிக் காரை வாங்குபவர்களோ சுமார் 40 சதவீதம்தான் என்று ஃபிரெட்ரிக் ரைக்ஹெல்ட் 1990-களில் எழுதினார். ஜெராக்ஸ் கம்பெனி கண்டது இதைவிடக் கூர்மையானது. ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்தவர்கள், நான்கு கொடுத்தவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாகத் திரும்ப வாங்கினார்கள். நான்கும் ஐந்தும் 'திருப்தி' என்ற ஒரே கட்டத்தில் கூட்டப்பட்டால் இந்த வேறுபாடு காணாமல் போகும்.

எனவே சாஸ்திரி சாலையிலோ தில்லைநகரிலோ கடை நடத்துபவர்களே, "திருப்தியா?" என்று கேட்கும் அட்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கடைசி மூன்று முறை எதை வாங்கினீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பொருள் இன்று இல்லை என்றால் காத்திருப்பாரா, வேறு கடைக்குப் போவாரா, பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வாரா என்றும் கேளுங்கள். மூன்றாவது விடையைச் சொல்பவர்களை அந்த பிராண்டின் நிலையான வாடிக்கையாளர்கள் என்று கணக்கில் எழுதாதீர்கள்.