எழுபத்திரண்டு மணி நேரக் கணக்கு

பி நெகட்டிவ் தாய் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். கணவர் பி பாசிட்டிவ். வெள்ளிக்கிழமை இரவு 11.40-க்குத் தலைப்பிரசவம், சுகப்பிரசவம். கொடியை அறுத்த கையோடு சிஸ்டர் ஒரு வேலை செய்கிறார். நஞ்சுப் பக்கம் தொங்கும் கொடியிலிருந்து கொஞ்சம் ரத்தத்தைக் குழாயில் பிடித்து, அதில் தாயின் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒட்டுகிறார். குழந்தையைக் குத்தாமலேயே கிடைக்கிற குழந்தையின் ரத்தம் இது. அடுத்த மூன்று நாளில் நடக்க வேண்டிய எல்லாமே இந்தக் குழாயிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆய்வகத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை பார்ப்பார்கள். குழந்தையின் ரத்தம் பாசிட்டிவா, நெகட்டிவா? தாயின் உடம்பில் உருவான எதிர்ப்பொருள் ஏதாவது குழந்தையின் சிவப்பணுக்களில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறதா? இரண்டாவதற்கான சோதனையை டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் என்பார்கள். நம் கதையில் சனிக்கிழமை மதியம் ரிப்போர்ட் வருகிறது: பி பாசிட்டிவ், கூம்ப்ஸ் நெகட்டிவ். அப்படியானால் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். குழந்தையும் நெகட்டிவ் என்று வந்திருந்தால் ஊசிக்கு வேலையே இல்லை.

“ஏழாம் மாசத்துலயே ஒண்ணு போட்டாச்சே சிஸ்டர், திரும்ப எதுக்கு?” என்று மாமியார் கேட்கிறார்.

“அது இந்நேரம் பெரும்பாலும் கரைஞ்சிருக்கும்மா. நேத்து ராத்திரி நஞ்சு பிரியும்போது பிள்ளை ரத்தம் இவங்க உடம்புல கலந்திருக்கும்ல, இது அதுக்கு. அடுத்த பிள்ளை நல்லா இருக்கணும்னுதான் போடுறோம்.”

சிஸ்டர் சொன்ன இந்த மூன்று வரியில் விஷயம் முழுதும் இருக்கிறது. பாசிட்டிவ் ரத்தம் என்றால் சிவப்பணுவின் மேல் டி என்ற புரதம் இருக்கிறது என்று பொருள். நெகட்டிவ் ஆட்களுக்கு அது கிடையாது. அவர்கள் உடம்புக்கு அது அந்நியப் பொருள். கர்ப்ப காலத்தில் தாய் ரத்தமும் சேய் ரத்தமும் பெரும்பாலும் தனித்தனியாகவே ஓடுகின்றன. நஞ்சு கர்ப்பப்பைச் சுவரைவிட்டுப் பிரியும் நேரத்தில்தான் குழந்தையின் ரத்தம் தாயின் நாளங்களுக்குள் கணிசமாகக் கசிகிறது. பெரும்பாலான பிரசவங்களில் கசிவது ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. ஆனால் அதில் நூறில் ஒரு பங்கு அளவுகூடச் சில பெண்களின் உடம்பை உசுப்பிவிடப் போதும்.

உசுப்பப்பட்டாலும் உடம்பு உடனே பாய்ந்துவிடுவதில்லை. அந்நியப் புரதத்தை மண்ணீரலில் உள்ள செல்கள் அடையாளம் காண வேண்டும், அதற்கென எதிர்ப்பொருள் செய்யும் செல்கள் பெருக வேண்டும். அந்த எதிர்ப்பொருள் பரிசோதனையில் தெரியும் அளவுக்கு வளர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் முதல் குழந்தை பிறந்து தொட்டிலில் கிடக்கிறது. அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆபத்து யாருடைய கண்ணிலும் படாமல் போவதும் இதனால்தான். தாயின் உடம்பில் தங்கிவிடும் நினைவு செல்கள் மட்டும் மறப்பதில்லை. இரண்டாவது கர்ப்பத்தில் மீண்டும் ஒரு பாசிட்டிவ் குழந்தை உருவானால், இம்முறை எதிர்ப்பொருள் விரைவாகவும் ஏராளமாகவும் சுரக்கும். நஞ்சைத் தாண்டிப் போகக்கூடிய வகையாகவும் அது இருக்கும். போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். லேசாக இருந்தால் பிறந்தபின் காமாலை. கடுமையாக இருந்தால் வயிற்றிலேயே ரத்தசோகை முற்றி, உடம்பெல்லாம் நீர் கோத்துக் குழந்தை இறந்துபோகும். கருவிலிருக்கும்போதே கொடி வழியாக ரத்தம் ஏற்றிக் காப்பாற்றும் சிகிச்சை இருக்கிறது என்றாலும், அது பெரிய மையங்களில் மட்டுமே நடக்கிற காரியம்.

ஆன்டி-டி ஊசி என்பது அதே எதிர்ப்பொருள்தான், வெளியே தயாரித்தது. டி-க்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ளவர்கள் தானம் தரும் பிளாஸ்மாவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆய்வகச் செல்களில் வளர்த்தெடுக்கும் வகையும் இந்தியாவில் கிடைக்கிறது. வெளியிலிருந்து வந்த இந்த எதிர்ப்பொருள் தாயின் ரத்தத்தில் சுற்றும் குழந்தையின் சிவப்பணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழித்துவிடுகிறது. தாயின் உடம்பு பாடம் படிக்கும் முன்பே பாடப்புத்தகத்தைப் பிடுங்கிவிடுவது போல. படித்து முடித்தபின் புத்தகத்தைப் பிடுங்கிப் பயனில்லை. தாய்க்கு ஏற்கெனவே சொந்தமாக எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால் இந்த ஊசி எதையும் அழிக்காது, அதனால் போடுவதும் இல்லை.

சரி, அவசரம் புரிகிறது. ஆனால் ஏன் 72 மணி? ஏன் 48 இல்லை, 100 இல்லை? உடம்புக்குள் மூன்றாம் நாள் முடிவில் ஏதோ கதவு சாத்தப்படுகிறது என்று மருத்துவத் துறையிலேயே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அந்த எண் வந்தது ஒரு சிறைச்சாலையிலிருந்து.

1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வின்சென்ட் ஃப்ரீடா, ஜான் கோர்மன், வில்லியம் போலாக் என்ற மூவர் இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் லிவர்பூலில் சிரில் கிளார்க், ரொனால்ட் ஃபின் குழுவும் தனியாக இதே முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நியூயார்க் குழு சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது சிங் சிங் சிறையின் நெகட்டிவ் ரத்த ஆண் கைதிகளை. (கைதிகளை வைத்து ஆய்வு செய்ய இன்றைய விதிகள் அவ்வளவு எளிதில் இடம் தராது, நல்லதுதான்.) கைதிகளுக்குப் பாசிட்டிவ் சிவப்பணுக்களைச் செலுத்தி, பின்னர் ஆன்டி-டி கொடுத்தார்கள். நினைத்தபோதெல்லாம் உள்ளே வந்துபோகச் சிறை நிர்வாகம் விடவில்லை; அதனால்தான் இரண்டு ஊசிகளுக்கும் நடுவே மூன்று நாள் இடைவெளி விழுந்தது என்று ஆய்வாளர்கள் பின்னாளில் சொன்னார்கள். அந்த இடைவெளியிலும் ஊசி பலித்தது. தாய்மார்களிடம் பரிசோதிக்கும்போது அதே மூன்று நாளை வைத்துக்கொண்டார்கள். 1968-இல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்து, 72 மணி உலகெங்கும் விதியானது.

ஆக, 72 மணிக்குள் போட்டால் காக்கும் என்பது நிரூபிக்கப்பட்டது. 73-ஆம் மணியில் காக்காது என்று யாரும் நிரூபிக்கவில்லை. 1975-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், சிவப்பணுக்கள் செலுத்தி 13 நாள் கழித்து ஆன்டி-டி போட்டபோதும் சிலருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்கவில்லை. உடம்பு எந்த மணியில் பாடத்தை முடிக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதை முன்கூட்டிச் சொல்லும் சோதனையும் கிடையாது. அதனால் தவறிப்போனவர்களுக்கு 10 நாள் வரை போடலாம் என்கிறது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். அமெரிக்க வழிகாட்டுதல் 28 நாள் வரை போகிறது. இங்கே இரண்டு பக்கமும் தவறு நடப்பதுண்டு. “இன்னும் ரெண்டு நாள் இருக்கே” என்று தள்ளிப்போடுவது ஒன்று. “மூணு நாள் தாண்டிருச்சு, இனிமே பிரயோஜனம் இல்ல” என்று எட்டாம் நாள் வந்தவளைத் திருப்பி அனுப்புவது இன்னொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கொடுமை. முதலாவதில் இன்னும் வாய்ப்பு மிச்சமிருக்கிறது.

நம் தாய்க்கு வருவோம். அவளுடைய கெடு திங்கட்கிழமை இரவு 11.40. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோளாறு வழக்கமாக நுழைகிற இடமும் அதுதான்: ரிப்போர்ட் ஆய்வகத்திலேயே கிடக்கும், சுகப்பிரசவம்தானே என்று ஞாயிறு மதியம் டிஸ்சார்ஜ் ஆகிவிடும், தாய் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். கொடி ரத்தம் எடுக்கவே மறந்துவிட்டால் குழந்தையிடமிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். குழந்தையின் குரூப் தெரியவே வழியில்லை என்றால் பாசிட்டிவ் என்றே வைத்துக்கொண்டு தாய்க்கு ஊசி போட்டுவிடுவதுதான் முறை. தேவையில்லாமல் போட்டால் செலவோடு போகும். போடாமல் விட்டால் அடுத்த குழந்தையின் உயிரோடு போகலாம்.

இன்னொரு குழப்பம் கொஞ்சம் நுட்பமானது. ஏழாம் மாதத்தில், அதாவது 28-ஆம் வாரத்தில் போட்ட ஊசியின் மருந்து சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பிரசவ நேரத்தில் அது காக்கப் போதாது. ஆனால் சோதனையில் மாட்டும் அளவுக்கு மிச்சமிருக்கலாம். அந்த நேரத்தில் தாயின் ரத்தத்தில் இன்டைரக்ட் கூம்ப்ஸ் பார்த்தால் மங்கலாகப் பாசிட்டிவ் காட்டும். “இவளுக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் வந்துவிட்டது, ஊசி வேண்டாம்” என்று அவசரமாக முடிவுகட்டினால், உண்மையில் பாதுகாப்பு தேவைப்படுகிறவளுக்கு அது கிடைக்காமல் போகும். ஏழாம் மாத ஊசியின் தேதி தாய் சேய் அட்டையில் இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

பிரசவத்துக்குப்பின் இங்கே வழக்கமாகப் போடுவது 300 மைக்ரோகிராம், தசையில், பெரும்பாலும் தோள்பட்டையில். தாய்க்குத்தான் போடுவது, குழந்தைக்குத் தவறிப்போய்க்கூடப் போடக் கூடாது. அந்த அளவு மருந்து சுமார் 30 மில்லி குழந்தை ரத்தத்தைச் சமாளிக்கும்; பெரும்பாலானவர்களுக்கு அது தாராளம். நஞ்சைக் கைவிட்டு எடுக்க நேர்ந்தாலோ, இரட்டைக் குழந்தை, சிசேரியன், வயிற்றில் அடிபட்டது போன்ற நிலைகளிலோ கசிவு அதைவிட அதிகமாகலாம். 45 மில்லி கலந்திருந்தால் ஒரு குப்பி போதவே போதாது. இதைக் கண்டுபிடிக்க கிளைஹாவர் என்ற சோதனை உண்டு. தாயின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி அமிலத்தில் கழுவினால், பெரியவர்களின் சிவப்பணுக்கள் வெளிறி ஆவி போலாகிவிடும். குழந்தையின் அணுக்கள் மட்டும் இளஞ்சிவப்பாக நிற்கும். அவற்றை எண்ணி மருந்தைக் கணக்கிடுவார்கள். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை என்பதால், மேற்சொன்ன நிலைகளில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

பிரசவத்துக்குப்பின் ஊசி இல்லாமல், குழந்தை பாசிட்டிவாகவும் குரூப் பொருந்தியும் இருந்தால், நூறு தாய்மாரில் சுமார் 16 பேருக்கு எதிர்ப்பொருள் உருவாகிறது. பிரசவத்துக்குப்பின் போட்டால் அது ஒன்றிரண்டாகக் குறைகிறது. ஏழாம் மாத ஊசியும் சேர்ந்தால் இன்னும் பல மடங்கு குறையும். கருச்சிதைவு, கருக்குழாய்க் கர்ப்பம், கர்ப்ப கால ரத்தப்போக்கு ஆகியவற்றுக்கும் இதே 72 மணிக் கணக்குதான். மிகத் தொடக்க வாரச் சிதைவுகளுக்கு மட்டும் வழிகாட்டுதல்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. இத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கும் பல மருத்துவர்கள் போட்டுவிடவே சொல்கிறார்கள். முடிவு மாறி மீண்டும் குழந்தை வேண்டும் என்று வருகிறவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மாமியார் சம்மதித்து, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஃப்ரிட்ஜிலிருந்து குப்பி வந்து, ஊசி ஏறிவிட்டது. கெடுவுக்கு இன்னும் 54 மணிக்கு மேல் இருந்தது. சிஸ்டர் குப்பியின் ஸ்டிக்கரைக் கிழித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டினார். டிஸ்சார்ஜ் அட்டையில் மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண், தேதி, மணி எல்லாம் எழுதினார். அடுத்த கர்ப்பத்தில் முதல் மாதம் இவளைப் பார்க்கப்போகும் டாக்டர் இன்டைரக்ட் கூம்ப்ஸ் எழுதும் முன் கேட்டு வாங்கிப் பார்ப்பது இந்த அட்டையைத்தான்.