ஆயிரம் ஹெர்ட்ஸில் 45 டிகிரி

கணினியின் ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 120 சுற்று. தட்டின் மேல் தரவு எழுதப்பட்டிருக்கும் வட்டப் பாதைக்கு டிராக் என்று பெயர். இன்றைய டிஸ்க்குகளில் ஒரு டிராக்கின் அகலம் 100 நானோமீட்டருக்கும் குறைவு. அந்த நூலிழைப் பாதையை விட்டு விலகாமல் படிக்கும் ஹெட்டைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறு ஆர்ம். அதன் மறுமுனையில் காந்தங்களுக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் ஆர்ம் திரும்பும். ஒலிபெருக்கியின் சுருளைப் போன்றது என்பதால் இதை வாய்ஸ் காயில் மோட்டார் என்கிறார்கள்.

ஹெட் விலகியிருக்கும் தூரத்தை அளந்து, அதற்கேற்ற மின்னோட்டத்தை எதிர்த்திசையில் கொடுத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் ஹெட் நிற்கவே நிற்காது. காரணம் எளிய இயற்பியல். மின்னோட்டம் விசையைத் தருகிறது. விசை முடுக்கத்தைத் தருகிறது. முடுக்கம் வேகமாகி, வேகம் இடப்பெயர்ச்சியாக வேண்டும். விலகலுக்கு நேர்விகிதத்தில் எதிர்விசை கொடுப்பது, சுருள்வில்லின் முனையில் எடையைக் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். எடை சரியான இடத்துக்கு வரும்போது முழு வேகத்தில் வருகிறது, அதைத் தாண்டிப் போகிறது, மறுபடி இழுக்கப்படுகிறது. உராய்வு இல்லாவிட்டால் அந்த ஆட்டம் ஓயாது.

கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் இதே செய்தியை அதிர்வெண்களின் மொழியில் சொல்வார்கள். கட்டுப்பாட்டுச் சுற்றை ஓரிடத்தில் துண்டித்து, ஒரு சைன் அலையை உள்ளே அனுப்பிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். சுற்றி வந்து சேரும்போது அலையின் உயரம் மாறியிருக்கும். நேரத்தில் பின்தங்கியும் இருக்கும். அந்தப் பின்தங்கலைக் கோணமாகச் சொல்வதுதான் ஃபேஸ். ஏதோ ஓர் அதிர்வெண்ணில், அனுப்பிய உயரமும் திரும்பி வந்த உயரமும் சமமாக இருக்கும். அதற்கு கெயின் கிராஸ்ஓவர் அதிர்வெண் என்று பெயர். அங்கே அலை சரியாக 180 டிகிரி பின்தங்கினால் ஆபத்து. எதிர்த்திசையில் திருத்துவதாலேயே இன்னொரு 180 டிகிரி சேர்ந்து, திருத்தம் பிழையைத் தணிப்பதற்குப் பதிலாக அதற்கே தீனி போடுகிறது. 180 டிகிரியைத் தொட இன்னும் எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பதே ஃபேஸ் மார்ஜின். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொலைபேசிப் பெருக்கிகளுக்காக உழைத்த ஹென்றிக் போடே இந்த அளவுகோலை வகுத்தவர். 1945இல் வெளிவந்த அவரது நூல் இன்றுவரை இத்துறையின் அடித்தளம்.

ஹார்டு டிஸ்க்கின் ஆர்ம், கிராஸ்ஓவரை ஒட்டிய அதிர்வெண்களில் ஏறக்குறைய முழு 180 டிகிரியையும் தானே தின்றுவிடுகிறது. மார்ஜின் பூஜ்யம். அது போதாதென்று இன்னொரு இழப்பும் உண்டு. ஹெட் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் குறியீடுகள் தட்டில் விட்டுவிட்டுத்தான் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சுற்றுக்கு 250 குறியீடுகள் என்று கொள்வோம். நொடிக்கு 30,000 முறை அளவீடு கிடைக்கும். இரண்டு அளவீடுகளுக்கு இடையே சுமார் 33 மைக்ரோ நொடி. அடுத்த அளவீடு வரும்வரை பழைய கட்டளையே நீடிப்பதால் சராசரியாக அதில் பாதி தாமதம், கணக்குப் போட இன்னும் சில மைக்ரோ நொடி. மொத்தம் 25 மைக்ரோ நொடி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வடிவமைப்பு தொடங்குகிறது. கிராஸ்ஓவர் 1000 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், அங்கே ஃபேஸ் மார்ஜின் 45 டிகிரி வேண்டும் என்பது இலக்கு. 1000 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சி 1000 மைக்ரோ நொடி. அதில் 25 மைக்ரோ நொடி என்பது 9 டிகிரி. ஆக, வேண்டிய 45உடன் தாமதம் பறிக்கும் 9ஐயும் கூட்டி 54 டிகிரியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அதைக் கொண்டுவருவதுதான் லீட் காம்பன்சேட்டர்.

அதன் வேலையைப் புரிந்துகொள்வது கடினமில்லை. விலகல் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து அது கட்டளையிடுகிறது. ஹெட் டிராக்கை நெருங்கி வருகிறது என்று வேகம் சொன்னால், வந்து சேரும் முன்பே விசையைக் குறைத்துவிடும். எனவே கட்டளை அலை, பிழை அலையை முந்திக்கொள்கிறது. இந்த வேக உணர்வு தொடங்கும் அதிர்வெண் ஜீரோ எனப்படும். அது நின்றுபோகும் அதிர்வெண் போல். போலை வைக்காமல் விட்டால் அளவீட்டில் உள்ள இரைச்சல் எல்லையின்றிப் பெருகும் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. போலுக்கும் ஜீரோவுக்கும் உள்ள விகிதம்தான் எத்தனை டிகிரி கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது:

விகிதம் = (1 + sin φ) / (1 − sin φ)

φ என்பது வேண்டிய கோணம். sin 54° ஏறக்குறைய 0.809. ஆகவே விகிதம் 1.809ஐ 0.191ஆல் வகுத்தால் கிடைக்கும் 9.5. இந்தக் கோணம் முழுதாகக் கிடைப்பது ஜீரோவுக்கும் போலுக்கும் பெருக்கல் முறையில் சரிநடுவே உள்ள ஓர் அதிர்வெண்ணில் மட்டுமே. அந்த நடுப்புள்ளியை 1000 ஹெர்ட்ஸில் உட்கார வைக்க வேண்டும். 9.5இன் வர்க்கமூலம் 3.08. எனவே ஜீரோ 1000ஐ 3.08ஆல் வகுத்து 325 ஹெர்ட்ஸில். போல் 1000ஐ 3.08ஆல் பெருக்கி 3080 ஹெர்ட்ஸில்.

இத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். லீட் காம்பன்சேட்டர் கோணத்தை மட்டும் சேர்ப்பதில்லை. உயர் அதிர்வெண்களைப் பெருக்கவும் செய்கிறது. நடுப்புள்ளியில் அந்தப் பெருக்கம் விகிதத்தின் வர்க்கமூலம், அதாவது 3.08 மடங்கு. முன்பு 1000 ஹெர்ட்ஸில் சமமாகத் திரும்பி வந்த அலை இப்போது 3.08 மடங்கு உயரத்தில் வருகிறது. எனவே கடைசிப் படியாக, சுற்றின் மொத்தப் பெருக்கத்தை 3.08ஆல் குறைத்தாக வேண்டும்.

குறைக்க மறந்தால் என்ன ஆகும்? கிராஸ்ஓவர் வலப்புறம் ஓடி, சுமார் 2430 ஹெர்ட்ஸில் போய் நிற்கும். அங்கே காம்பன்சேட்டர் தருவது 54 அன்று, 44 டிகிரிதான். தாமதமோ அந்த அதிர்வெண்ணில் 9க்குப் பதில் 22 டிகிரியைப் பறிக்கிறது. மிஞ்சும் மார்ஜின் வெறும் 22 டிகிரி. 54 டிகிரியைச் சேர்த்தும் வந்தது பாதிக்கும் குறைவு. இது வெறும் எண் விளையாட்டும் இல்லை. கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் வெளியதிர்வு ஒன்று வந்து தாக்கினால், 45 டிகிரி மார்ஜின் உள்ள சுற்றில் விலகல் 1.3 மடங்காகும், 22 டிகிரி சுற்றில் அதே அதிர்வு 2.6 மடங்காகப் பெருகும். பிழைச் சமிக்ஞையின் அலைவரிசைப் படத்தில் அந்த அதிர்வெண்ணை ஒட்டி ஒரு கூர்மேடு எழுந்து நின்றால், மார்ஜின் போதவில்லை என்று அனுபவசாலிகள் உடனே கண்டுகொள்வார்கள்.

பெருக்கத்தைக் குறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. தட்டு நூலளவு மையம் விலகிச் சுற்றினாலும், நொடிக்கு 120 முறை டிராக் ஹெட்டுக்கு அடியில் ஆடும். கணக்கிட்ட சுற்று 120 ஹெர்ட்ஸில் அந்த ஆட்டத்தை சுமார் 23இல் ஒரு பங்காகத் தணிக்கிறது. லீட் இல்லாமல், அதே கிராஸ்ஓவரில், தாள்களில் வரும் கணக்கு சுமார் 68இல் ஒரு பங்கு என்று ஆசைகாட்டும். ஆனால் அந்தச் சுற்று நிலைத்து நிற்காது.

விலையின் மறுபாதி உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. ஆர்ம் ஒரு மெல்லிய உலோகத் துண்டு. சில ஆயிரம் ஹெர்ட்ஸில் அது தானே வளைந்து அதிரும். அந்த ஒத்ததிர்வு 5000 ஹெர்ட்ஸில் இருப்பதாகவும், அங்கே அசைவு 25 மடங்கு கூடுவதாகவும் கொள்வோம். ஒத்ததிர்வைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் சுற்றின் பெருக்கம் அங்கே 0.1 அளவுதான், பயமில்லை. 25 மடங்கைச் சேர்த்ததும் அது 2.6 ஆகி ஒன்றைத் தாண்டிவிடுகிறது. டிஸ்க் கீச்சிடும், சுற்று நிலைகுலையவும் கூடும். இதை அடக்க 5000 ஹெர்ட்ஸைச் சுற்றி மட்டும் பள்ளம் தோண்டும் நாட்ச் ஃபில்டரை வைக்கிறார்கள். பள்ளம் பத்தில் ஒரு பங்கு ஆழம் என்றால் பெருக்கம் 0.26க்கு இறங்கிவிடும்.

நாட்ச் ஃபில்டரும் சும்மா வருவதில்லை. ஓரளவு அகலமான பள்ளம், தொலைவில் உள்ள 1000 ஹெர்ட்ஸிலும் 10 டிகிரிக்குச் சற்று மேல் பின்தங்கலைச் சேர்க்கிறது. லீட் இப்போது 54க்குப் பதில் 65 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தர வேண்டும். கூடுவது பத்துச் சொச்சம் டிகிரிதான். ஆனால் விகிதம் 9.5இலிருந்து ஏறக்குறைய 20க்கு எகிறுகிறது. 120 ஹெர்ட்ஸ் ஆட்டம் 23இல் ஒரு பங்காக இருந்தது 17இல் ஒரு பங்காகிறது. அளவீட்டு இரைச்சலும் மோட்டாருக்கு இன்னும் பலமாகப் போய்ச் சேர்கிறது. ஒரே லீட்டிடமிருந்து 60 டிகிரிக்கு மேல் கேட்கப் பொறியாளர்கள் தயங்குவது இதனால்தான். அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு லீட்களை அடுத்தடுத்து வைப்பார்கள். ஒரே லீட்டில் 60 டிகிரிக்கு விகிதம் 14 வேண்டும். தலா 30 டிகிரி தரும் இரண்டுக்கும் சேர்த்து 9 போதும்.

கிராஸ்ஓவரை 800 ஹெர்ட்ஸுக்கு இறக்குவது மற்றொரு வழி. அங்கே தாமதமும் நாட்சும் பறிப்பது குறைவு, விகிதம் 14.5இல் நிற்கும். ஆனால் 120 ஹெர்ட்ஸ் ஆட்டம் 13இல் ஒரு பங்குவரைதான் தணியும். இரைச்சல் பெரிய தொல்லையா, தட்டின் ஆட்டம் பெரிய தொல்லையா என்பதை டிஸ்க்கிலேயே அளந்துதான் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய முடியும். டிராக்குகள் மேலும் மேலும் ஒடுங்கியபோது இந்த இழுபறியை ஒரே மோட்டாரால் சமாளிக்க முடியாமல் போனது. அதனால் இன்றைய பல டிஸ்க்குகளில் ஆர்மின் நுனிக்கு அருகே, மின்னழுத்தத்தில் நீண்டு சுருங்கும் பீசோ படிகத்தாலான இரண்டாவது அசைவி ஒன்று பொருத்தப்படுகிறது. வேகமான நுண்ணிய திருத்தங்களை அது பார்த்துக்கொள்ள, வாய்ஸ் காயில் மோட்டாரின் கிராஸ்ஓவரை இன்னும் தாழ்வான அதிர்வெண்ணில் போதிய மார்ஜினுடன் வைக்க முடிகிறது.